05/2026 என்றால் மே ஒன்றா, மே முப்பத்தொன்றா?

கேள்வி

கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்திலேயே குடியிருக்கிறோம். மே முதல் தேதி அலமாரியைச் சுத்தம் செய்த என் மாமியார், தன் தைராய்டு மாத்திரை டப்பாவில் 05/2026 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "மே பொறந்தாச்சு, இனி இது ஆகாது" என்று மிச்சமிருந்த நாற்பது மாத்திரைகளையும் எருக்குழியில் கொட்டிவிட்டார். மூன்று நாளாக மாத்திரை போடவில்லை. என் கணவர், "அந்தத் தேதியெல்லாம் கம்பெனிக்காரன் விக்கறதுக்குப் போடறது, ஒரு வருசம் கழிச்சும் சாப்பிடலாம்" என்கிறார். இதற்கு நடுவில் ஐந்து வயதுப் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. மார்ச் மாதம் டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் சிரப் ஃப்ரிட்ஜில் கொஞ்சம் இருந்தது. 11/2026 வரை தேதி இருந்ததால் இரண்டு வேளை கொடுத்தேன். இப்போது காய்ச்சல் இல்லை. அப்புறம், போன வாரம் கடையில் வாங்கிய ரவை பாக்கெட்டில் ஆறு மாதம் என்று போட்டிருக்கிறது, கணக்குப் பார்த்தால் பத்து நாள் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் யார் சொல்வது சரி? கடைக்காரரிடம் கேட்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: மருத்துவமனை மருந்தாளுநர்

முதலில் பையனைப் பற்றிப் பேசிவிடுவோம், அம்மிணி. நீங்கள் கவலைப்பட்டு எழுதியது மாமியாரின் மாத்திரையைப் பற்றி. எனக்குக் கவலை தந்தது அந்த சிரப் பாட்டில்தான்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் கடையில் பொடியாகத்தான் வரும். ட்ரை சிரப் என்பார்கள். வீட்டில் காய்ச்சி ஆறிய தண்ணீரையோ, கூடவே வரும் சிறிய பாட்டில் தண்ணீரையோ கோடு வரை ஊற்றிக் கலக்கிக் கொடுப்போம். பாட்டிலில் அச்சடித்த 11/2026 என்பது அந்தப் பொடிக்கான தேதி. மூடி திறக்காமல், தண்ணீர் படாமல் இருக்கும்வரைதான் அது செல்லும். தண்ணீர் ஊற்றிய நிமிடத்திலிருந்து வேறு கணக்கு தொடங்குகிறது. அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த சிரப்பாக இருந்தால், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஏழு நாள்தான் ஆயுள். கிளாவுலானிக் அமிலம் தண்ணீரில் வேகமாகச் சிதையும். குளிர்ச்சி அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. வேறு சில சிரப்புகளுக்குப் பத்து நாள், பதினான்கு நாள் என்று இருக்கலாம். கலக்கிய பிறகு எத்தனை நாள் என்பது லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எக்ஸ்பைரி தேதியைத் தேடும் கண்ணுக்கு அது படுவதே இல்லை.

மிச்சம் இருந்தது உங்கள் தவறு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக நடப்பது இதுதான்: ஐந்து மில்லி வீதம் தினம் இரண்டு வேளை, ஐந்து நாளைக்கு என்று டாக்டர் எழுதுவார். மொத்தம் ஐம்பது மில்லி. பாட்டில் முப்பது மில்லியாகத்தான் வரும், அதனால் கடையில் இரண்டு பாட்டில் கொடுப்பார்கள். சிகிச்சையை ஒழுங்காக முடித்த பிறகும் இரண்டாவது பாட்டிலில் பத்து மில்லி நிற்கும். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனசு வராமல் ஃப்ரிட்ஜ் கதவில் வைத்துவிடுவோம். உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கும். மார்ச் 10-ஆம் தேதி கலக்கிய பாட்டில் என்று வைத்துக்கொண்டால், அது மார்ச் 17-ஆம் தேதியோடு முடிந்துபோன மருந்து. அச்சடித்த தேதி நவம்பர் வரை இருந்தாலும் கதை அவ்வளவுதான்.

இனி அப்படி இரண்டு பாட்டில் வந்தால் இரண்டையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம். முதல் பாட்டில் மூன்று நாளில் தீர்ந்ததும் இரண்டாவதைக் கலக்குங்கள். கலக்கிய அன்றே பேனாவால் லேபிள் மேல் தேதி எழுதுங்கள். பக்கத்திலேயே, ஏழு நாள் கழித்து வரும் தேதியையும் எழுதிவிடுங்கள். அந்தத் தேதி வந்ததும் அதைக் கொட்டிவிடலாம்.

சரி, கொடுத்த இரண்டு வேளையால் என்ன ஆகும்? சிதைந்த சிரப் பெரும்பாலும் விஷமாவதில்லை, வீரியம் குறைந்துதான் போகிறது. பையனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்பது நல்ல சேதி. ஆனால் அந்த சிரப்தான் இறக்கியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் பல காய்ச்சல் வைரஸால் வருவது, இரண்டு மூன்று நாளில் தானாகவே இறங்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் நல்ல வீரியத்தோடு இருந்தாலும் வேலை செய்யாது. ஒருவேளை பாக்டீரியாவால் வந்த காய்ச்சல் என்றால், அரைகுறை வீரியத்தில் இரண்டு வேளை கொடுத்து நிறுத்துவது கிருமியைக் கொல்லாது, நோயை மறைக்கத்தான் செய்யும். அதனால் மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். மறுபடி காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தண்ணீர்கூட குடிக்க மறுத்தாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். "பழைய சிரப் இரண்டு வேளை கொடுத்தேன்" என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர் அடுத்து எழுதும் மருந்து அதைப் பொறுத்தும் இருக்கும்.

மாமியார் கொட்டிய நாற்பது மாத்திரை

நம் நாட்டில் மருந்துக்கு இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 96-ஆவது விதி, எக்ஸ்பைரி தேதியை மாதமும் வருடமுமாகப் போட வேண்டும் என்றும், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை மருந்தைப் பயன்படுத்தலாம் என்பதே அதற்குப் பொருள் என்றும் தெளிவாகச் சொல்கிறது. ஆக 05/2026 என்றால் மே 31 வரை. மே முதல் தேதி காலையில் அந்த மாத்திரைகள் நன்றாகவே இருந்தன.

ஆனாலும் மாமியாரின் பயத்தில் ஒரு சின்ன நியாயம் இருக்கிறது. தினம் ஒன்று வீதம் போட்டால் மே மாதம் முடிய முப்பத்தொரு மாத்திரை செலவாகும். மீதி ஒன்பது மாத்திரை ஜூன் மாதத்துக்குள் போகும். அந்த ஒன்பதைத்தான் ஒதுக்கியிருக்க வேண்டும். நாற்பதையும் அல்ல.

இந்த ஒன்பது மாத்திரைச் சிக்கலை வாங்கும்போதே தவிர்க்கலாம். தைராய்டு மாத்திரை நூறு, நூற்றிருபது என்று டப்பாவாக வரும். நூற்றிருபது என்றால் நான்கு மாதத்துக்கு வரும். கடையில் கையில் வாங்கியதும், இன்றைக்கு எக்ஸ்பைரி ஆகவில்லையே என்று பார்த்தால் போதாது. கடைசி மாத்திரையைப் போடும் நாளில் தேதி இருக்குமா என்று பார்க்க வேண்டும். நான்கு மாத மருந்துக்கு மூன்று மாதத் தேதி இருந்தால், "வேற பேட்ச் இருந்தா கொடுங்க" என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

மாமியார் மூன்று நாள் விட்டதற்குப் பதற வேண்டியதில்லை. தைராக்ஸின் உடம்பில் மெதுவாகக் கரையும் மருந்து. அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இன்றே புது டப்பா வாங்கி, நாளைக் காலை வெறும் வயிற்றில் வழக்கமான அளவையே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். விட்டதைச் சரிக்கட்ட இரண்டாகப் போட வேண்டாம். அவருக்கு இதய நோயும் இருந்தால், இரட்டிப்பாகப் போடுவது படபடப்பைக் கொண்டுவரும்.

தேதியைப் படிப்பதில் இன்னும் ஒன்றிரண்டு இடம் சறுக்கும். மாத்திரை அட்டையில் தயாரித்த மாதமும் முடியும் மாதமும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். மை பூசாமல் அழுத்தி மட்டும் பதித்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. அட்டையைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். 05/26 என்று இருந்தால் மே 26-ஆம் தேதி என்று படிக்காதீர்கள், அது 2026-ஆம் வருடம் மே மாதம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவரும் டப்பாக்களில் வேறு சிக்கல்: அங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள். அங்கிருந்து வந்த டப்பாவில் 05/06/2026 என்று இருந்தால் அது மே 6, நம் வழக்கப்படி ஜூன் 5 அல்ல.

வெட்டிய அட்டை

நம் பக்கம் கடையில் "நாலு மாத்திரை வெட்டிக் கொடுங்க" என்று வாங்குவது வழக்கம். பத்து மாத்திரை அட்டையில் தேதி பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரம் யார் வீட்டுக்குப் போனதோ, அவர் வீட்டில் மட்டும்தான் தேதி இருக்கும். வெட்டி வாங்கினால் பில் கேளுங்கள். மருந்துக்கடை பில்லில் பேட்ச் எண்ணும் எக்ஸ்பைரியும் இருக்கும். பில் போடாத இடமானால் கவர் மேலாவது தேதியை எழுதச் சொல்லுங்கள். முழு அட்டை வாங்கி வீட்டில் சாப்பிடும்போதும், தேதி இல்லாத முனையிலிருந்து பிரித்துக்கொண்டே வாருங்கள். தேதியுள்ள முனை கடைசி மாத்திரை வரை கையில் நிற்கும்.

இன்னொரு பழக்கம் எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து உரித்து ஒரே டப்பாவில் கொட்டி வைப்பது. வயதானவர்களுக்கு வசதி என்று பிள்ளைகளே செய்து கொடுக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு எடுத்து வைத்தால் பரவாயில்லை. மாதக்கணக்கில் வைத்தால் தேதியும் போகும், ஈரத்திலிருந்து காப்பாற்றும் உறையும் போகும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையை எக்காரணம் கொண்டும் அதன் சொந்த உறையிலிருந்து பிரித்து வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது

அவர் சொல்வது முழுக்கப் பொய் அல்ல. எக்ஸ்பைரி தேதி என்பது மருந்து அன்று நள்ளிரவில் கெட்டுப்போகும் நேரம் கிடையாது. லேபிளில் சொன்னபடி வைத்திருந்தால் அந்த நாள்வரை இந்த மருந்து சொன்ன வீரியத்தில் இருக்கும் என்று தயாரிப்பாளர் சோதனை செய்து கொடுக்கும் உறுதி. பெரும்பாலான மாத்திரைகளில், லேபிளில் சொன்ன அளவில் தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் இருக்கும் காலத்தைத்தான் அப்படிக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் கையிருப்பு மருந்துகளைத் தேதி முடிந்த பிறகு சோதித்துப் பார்க்கும் திட்டம் ஒன்று 1986 முதல் நடக்கிறது. அதைப் பற்றி 2006-இல் வந்த ஆய்வில், பார்த்த 122 மருந்துகளில் பெரும்பாலானவை தேதிக்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தன. உங்கள் வீட்டுக்காரர் காதில் விழுந்தது இந்தச் செய்தியாகக்கூட இருக்கலாம்.

ஆனால் அந்த மருந்துகள் திறக்காத உறையில், வெப்பமும் ஈரமும் அளந்து வைத்த கிடங்கில் இருந்தவை. அதிலும் ஒவ்வொரு பேட்ச்சையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே நீட்டித்தார்கள். ஒரே மருந்தின் ஒரு பேட்ச் தாங்கியது, இன்னொன்று தாங்கவில்லை. நம் வீட்டில் எங்கே இருக்கிறது மருந்து? டி.வி. மேலேயோ, ஃப்ரிட்ஜ் மேலேயோ, அடுப்படி அலமாரியிலோ. பெரும்பாலான மாத்திரைகளின் லேபிளில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும், சிலவற்றில் 25 டிகிரி. ஈரோடு வட்டாரத்தில் சித்திரை மாதம் வெளியில் 40 டிகிரியைத் தொடுகிறது. சிமென்ட் ஷீட் போட்ட அறைக்குள் மதியம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே இருக்கும் மருந்துக்கு, அச்சடித்த தேதி வரைக்குமான உறுதிகூட முழுசாக இல்லை. அதற்கு மேல் ஒரு வருடம் என்று கணக்குப் போட எந்த ஆதாரமும் கிடையாது.

தலைவலிக்குப் போட்ட பாராசிட்டமால் மாத்திரை போன மாதத்தோடு முடிந்தது என்று பிறகு தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். அடுத்ததைப் புதிதாக வாங்குங்கள், அவ்வளவுதான். ஆனால் வீரியம் சற்றுக் குறைந்தாலே ஆபத்தாகும் மருந்துகள் இருக்கின்றன: இன்சுலின், வலிப்பு மாத்திரை, நெஞ்சுவலி மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது, தைராய்டு மாத்திரை, எல்லா ஆன்டிபயாட்டிக்கும். இவற்றில் ஒரு நாள்கூடத் தேதியைத் தாண்டித் திட்டமிட வேண்டாம். டெட்ராசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக்கின் அந்தக் காலத்துத் தயாரிப்பு கெட்டுப்போய், அதைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 1963-லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லா மருந்தும் வெறுமனே வீரியம் மட்டும் குறைந்து நின்றுவிடும் என்று நம்ப முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

திறந்ததும் கணக்கு மாறும் மருந்துகள் பையனின் சிரப்போடு நிற்கவில்லை. கண் சொட்டு மருந்தைத் திறந்த நாளிலிருந்து நான்கு வாரத்தில் தூக்கிப் போட வேண்டும், தேதி இரண்டு வருடம் இருந்தாலும் சரி. சொட்டு விடும் முனையில் கிருமி ஏறிவிடும் என்பதுதான் காரணம். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பாட்டிலோ பேனாவோ, ரகத்தைப் பொறுத்து, பெரும்பாலும் 28 நாள்தான். ஓ.ஆர்.எஸ். பொடியைத் தண்ணீரில் கரைத்துவிட்டால் 24 மணி நேரம்.

அந்த ரவை

உணவுப் பொட்டலத்தில் இரண்டு விதமான தேதி வரும், இரண்டும் ஒன்றல்ல. ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ என்றால் பாதுகாப்பைப் பற்றிய தேதி. அதற்குப் பிறகு விற்கவும் கூடாது, சாப்பிடவும் வேண்டாம். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் சுவை, மணம், மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும் காலம். அது தாண்டினாலும் பொருள் பாதுகாப்பாகவே இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விளக்கமே சொல்கிறது. 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி தயாரித்த அல்லது பேக் செய்த தேதியும், எக்ஸ்பைரி அல்லது யூஸ் பை தேதியும் கட்டாயம். பெஸ்ட் பிஃபோர் என்பதை விருப்பப்பட்டால் கூடுதலாகப் போடலாம். அதனால் ஒரு தேதியைப் பார்த்ததும் நிறுத்தாமல் பாக்கெட்டைத் திருப்பி, தையல் ஓரம், அடிப்பக்கம் எல்லாம் பாருங்கள்.

மாதமும் வருடமும் மட்டும் போட்ட உணவுப் பொட்டலத்தைக் கண்டு குழம்ப வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்கு மாதம், வருடம் போதும் என்பது விதி. மூன்று மாதமோ அதற்குக் குறைவாகவோ தாங்கும் ரொட்டி, பனீர் போன்றவற்றுக்கு நாளும் சேர்த்துப் போட வேண்டும். உங்கள் ரவையில் பேக் செய்தது 24 அக்டோபர் 2025 என்று இருந்திருக்கும் என நினைக்கிறேன். ஆறு மாதம் ஏப்ரல் 24-ஆம் தேதி முடிகிறது, நீங்கள் சொன்ன பத்து நாள் கணக்குக்குச் சரியாக வருகிறது. நாள் இல்லாமல் அக்டோபர் 2025 என்று மட்டும் இருந்தால், மாதத்தின் எந்த நாளில் பேக் செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அப்போது முதல் தேதியிலிருந்து எண்ணுவதுதான் என் வழக்கம். ஆறு மாதம் மார்ச் 31 அன்று முடியும்.

அது பெஸ்ட் பிஃபோர்தான் என்றால் உடனே கொட்ட வேண்டியதில்லை. வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். வண்டு, புழு, நூல் கட்டிய கட்டி, பூசண வாசம் இல்லை என்றால் வறுத்து உப்புமா செய்யலாம். எண்ணெய்ப் பசை உள்ள பொருளில் காறல் வாடைதான் முதல் அடையாளம். நிலக்கடலையில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நம் தோட்டத்துக் கடலையே ஆனாலும் பூசணம் பூத்திருந்தாலோ, நிறம் மாறிச் சுருங்கியிருந்தாலோ துடைத்துவிட்டு, வறுத்துவிட்டு சாப்பிடலாம் என்று எண்ணாதீர்கள். அந்தப் பூசணம் விடும் அஃப்ளடாக்ஸின் ஈரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுசாகப் போகாது.

இந்த மோந்து பார்க்கும் சோதனை யூஸ் பை போட்ட பொருளுக்குச் செல்லாது. பாலிலும் இறைச்சியிலும் நோய் உண்டாக்கும் கிருமிகள் வாசம் காட்டாமலே பெருகும். கைக்குழந்தைக்கான பால் பவுடரும் அப்படியே, அதில் தேதி தாண்டினால் பேச்சே இல்லை.

கடைக்காரரிடம் என்ன கேட்கலாம்

ரவையைப் பொறுத்தவரை பாக்கெட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். அநேகமாக மாற்றித் தருவார். பின்னால் இருந்த பழைய பாக்கெட் முன்னால் வந்திருக்கும், அவருக்கே தெரிந்திருக்காது. யூஸ் பை அல்லது எக்ஸ்பைரி முடிந்த பொருளை விற்றிருந்தாலோ, தேதி மேல் ஸ்டிக்கர் ஒட்டியோ அழித்தோ இருந்தாலோ விஷயம் வேறு. பாக்கெட்டைக் கிழிக்காமல், தேதி தெரியும்படி படம் எடுத்துவிட்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

மருந்துக்கு விதி இன்னும் கடுமை. தேதி முடிந்த மருந்தை விற்பது மட்டுமல்ல, விற்பனை அலமாரியில் வைத்திருப்பதே குற்றம். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வைத்திருந்தால், விற்பனைக்கு அல்ல என்று எழுதித் தனியாக வைக்க வேண்டும். இதற்கு மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் போகலாம். இரண்டுக்குமே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. உடம்புக்கு ஏதாவது ஆகி இழப்பீடு கேட்க வேண்டிய நிலை வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எங்கே போனாலும் முதல் கேள்வி "பில் இருக்கா?" என்பதுதான். பில் இல்லாமல், அந்த பாக்கெட் அந்தக் கடையில் வாங்கியது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

எருக்குழி

கடைசியாக ஒன்று. மாத்திரையை எருக்குழியில் கொட்டுவது வேண்டாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குழியைக் கிளறும் கோழி கொத்தும், எருவோடு வயலுக்கும் போகும். ஆன்டிபயாட்டிக்கைச் சாக்கடையிலோ கிணற்றுப் பக்கமோ ஊற்றினால் மண்ணில் இருக்கும் கிருமிகளுக்கு அந்த மருந்து பழகிப்போகும். நீங்கள் வாங்கும் மருந்துக்கடையிலோ அரசு மருத்துவமனை மருந்தகத்திலோ திருப்பி வாங்கிக்கொள்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பழைய காபித்தூள் சக்கையோடோ மண்ணோடோ கலந்து, மூடிய கவரில் கட்டி, பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் கொடுங்கள். பையனின் சிரப்பில் மிச்சம் இருந்தால் அதையும் அதே சக்கையில் ஊற்றிக் கட்டிவிடலாம். காலி அட்டையின் மேல் பெயரும் தேதியும் இருந்தால் கத்தரித்துப் போடுங்கள். குப்பையில் கிடக்கும் முழு அட்டையை எடுத்து மறுபடி விற்க ஆள் இருக்கிறது.